விடைபெறும் சக ஊழியருக்கு ஒரு வீடியோ: எந்த வழியில் எடுத்தால் நன்றாக வரும்?

கூட வேலை பார்த்தவர் ஒருவர் கிளம்புகிறார் என்று தெரிந்ததும், குழுவில் யாராவது ஒருவர் "ஒரு வீடியோ பண்ணலாமா?" என்று கேட்பார். எல்லோரும் சரி என்பார்கள். எப்படிப் பண்ணுவது என்பதில்தான் இழுபறி தொடங்கும். பொதுவாக நான்கு வழிகள் பேச்சில் அடிபடும். ஆளுக்கொரு கிளிப் எடுத்து அனுப்புவது ஒன்று. ஒருவர் கையில் போனோடு ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச்சுக் கொடுத்து எடுப்பது இன்னொன்று. எல்லோரும் வீடியோ காலில் கூடி, அதை அப்படியே ரெக்கார்ட் செய்வது மூன்றாவது. பழைய போட்டோக்களை வரிசையாக ஓட்டி, வாழ்த்து வரிகளும் இசையும் சேர்ப்பது நான்காவது.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு வீடியோ கையில் இருக்கும். ஆனால் நாம் நினைத்திருப்பது மூன்று பகுதிகள் கொண்டது: சிரிக்க வைக்கும் சில நினைவுகள், எல்லோரிடமிருந்தும் இரண்டொரு வரி, முடிவில் மனசிலிருந்து வரும் ஒரு விடை. இந்த மூன்றில் எடுக்கக் கடினமானது முதல் பகுதிதான். இரண்டொரு வரி வாழ்த்தை எந்த வழியிலும் வாங்கிவிடலாம். முடிவுக்கு ஒரே ஒருவர் ஒழுங்காகப் பேசினால் போதும். வேடிக்கை நினைவு அப்படி வராது. அது கதையாக வர வேண்டும், சொல்பவர் தன்னை மறந்து சொல்ல வேண்டும், கேட்பவருக்கு அந்த நாள் கண்முன் வர வேண்டும். அதனால் எந்த வழி வேடிக்கைக் கதையை நன்றாக வெளியே கொண்டுவருகிறது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. எந்த வழி பார்க்க அழகாக இருக்கும், எது சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் அப்புறம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். 14 பேர். 9 பேர் ஒரே அலுவலகத்தில், 5 பேர் வேறு வேறு இடங்களிலிருந்து வேலை பார்ப்பவர்கள். கிளம்புபவர் கணக்குப் பிரிவில் 9 வருடம் இருந்தவர், எல்லோருக்கும் அக்கா. கையில் இருப்பது 8 நாள். வீடியோ எடிட்டிங் ஓரளவு தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் பகலில் வேலை இருக்கிறது.

ஆளுக்கொரு கிளிப்

பெரும்பாலான குழுக்கள் போகும் வழி இதுதான். யாருக்கும் நேரம் ஒத்துவர வேண்டியதில்லை, வெளியிடத்தில் இருப்பவரும் சேர்ந்துகொள்ளலாம், ஒருங்கிணைப்பவர் செய்ய வேண்டியது ஒரு செய்தி அனுப்புவது மட்டும். "அக்காவுக்காக 30 விநாடி வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்." அவ்வளவுதான்.

வந்து சேரும் 14 கிளிப்பையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். "அக்கா, உங்களோட வேலை பார்த்தது ரொம்ப சந்தோஷம். உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேன். உங்களை ரொம்ப மிஸ் பண்ணுவோம். எங்க போனாலும் நல்லா இருங்க." பதினான்கு பேரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரும் மனசார சொன்னதுதான், பொய் இல்லை. ஆனால் அடுத்தடுத்துக் கேட்கும்போது நான்காவது ஆளிலேயே காது மூடிக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து போன் லென்ஸைப் பார்த்துப் பேசும்போது யாருக்கும் கதை வராது. எதிரில் ஒரு முகம் இல்லை, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஆள் இல்லை. அதனால் மனசு பழகிய வாழ்த்து வரிகளைத் தேடிப் போகிறது.

இதைச் சரிசெய்ய முடியும். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பாமல், ஆளுக்கொரு தனிக் கேள்வியை அனுப்ப வேண்டும். "அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்பது கேள்வியே இல்லை. "நீங்கள் சேர்ந்த முதல் வாரத்தில் அக்கா உங்களிடம் சொன்ன ஒரு விஷயம் என்ன?", "மாதக் கடைசி கணக்கு முடிக்கும் நாளில் அக்கா எப்படி இருப்பார், நடித்துக் காட்டுங்கள்", "அக்கா போனை எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தையை அவர் குரலிலேயே சொல்லுங்கள்", "அக்கா மேஜையில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள் எது, அதை யார் எடுத்தால் என்ன நடக்கும்?" இப்படிக் கேட்டால் பதில் தானாகக் குறிப்பானதாக வரும். வாழ்த்து வரியைத் தனியாகக் கேளுங்கள், அதுவும் ஒரே வரிதான் என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு கிளிப்: கேள்விக்குப் பதில் ஒன்று, வாழ்த்து ஒன்று. இப்படிப் பிரித்து வாங்கினால் எடிட் செய்பவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும், ஏனென்றால் வேடிக்கைப் பகுதிக்கும் செய்திப் பகுதிக்கும் துண்டுகள் தனித்தனியே கையில் இருக்கும்.

கேள்வியை யார் யாருக்கு எது என்று யோசித்து எழுத ஒரு மணி நேரம் ஆகலாம். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் அப்புறம் எடிட்டிங்கில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

எடுக்கும் விதத்தில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். சிலர் நிமிர்த்திப் பிடித்தும் சிலர் படுக்க வைத்தும் எடுத்தால், நிமிர்ந்த கிளிப்புகளுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை மங்கலான பின்னணியால் நிரப்பலாம்தான், ஆனால் முகம் சிறிதாகிவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல், ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். பேசத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஒரு விநாடி சும்மா லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இது இல்லாவிட்டால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்பட்டுப் போகும், அதுவும் "அக்கா" என்ற முதல் சொல்லே "க்கா" என்றுதான் கேட்கும்.

அனுப்பும் விதம் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். சிறிய திரையில் தெரியாது, பெரிய திரையில் போட்டதும் முகம் கலங்கித் தெரியும். அதையே டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். இல்லையென்றால் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரைத் திறந்து எல்லோரையும் அதில் ஏற்றச் சொல்லலாம். அந்த ஃபோல்டர் அக்கா கண்ணில் படாத இடத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குழு முழுக்கப் பகிர்ந்த இடத்தில் திறந்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

ஒருவரே நேரில் போய் எடுப்பது

நேரில் எடுப்பதுதான் என் முதல் தேர்வு. கேமரா தரம் இதற்குக் காரணமில்லை. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார், அதுதான் காரணம்.

எங்கள் பிரின்டர் கதை ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தில் ஒரு பழைய பிரின்டர், நாள் தவறாமல் காகிதத்தைக் கடித்துக்கொள்ளும். எல்லோரும் அதைத் தட்டுவார்கள், திட்டுவார்கள். ஒரு நாள் காலையில் அதன் மேல் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: "என்னைத் திட்டாதீர்கள். நானும் உங்களைப் போல மாதக் கடைசியில் களைத்துப்போகிறவன்தான்." எழுதியது எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்கா. மறுநாள் அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "அப்படியானால் விடுப்பு விண்ணப்பம் எங்கே?" என்று ஒரு சீட்டு. அதற்கும் கீழே, பிரின்டர் பெயரில், முறையான வடிவத்தில் எழுதப்பட்ட விடுப்பு விண்ணப்பம்.

இதைத் தனியாக கிளிப் எடுத்து அனுப்பச் சொன்னபோது வந்தது: "அக்கா பிரின்டர்ல ஒரு நோட் ஒட்டுனாங்க, செம காமெடி." அவ்வளவே. நேரில் உட்கார வைத்து, "அந்தச் சீட்டை முதலில் யார் பார்த்தது?" என்று கேட்டதும் முழுக் கதையும் வந்தது. "அதுல என்ன எழுதியிருந்தது, அப்படியே சொல்லுங்க" என்றதும் வாசகங்கள் வந்தன. "கீழே பதில் எழுதியது யாரு?" என்றதும் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அந்தச் சிரிப்புதான் வீடியோவில் நின்றது.

நேரில் எடுப்பவர் செய்ய வேண்டியது சின்னச் சின்னக் கேள்விகள்தான். என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், அவர் அப்போது என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மறுபடியும் வாழ்த்து வரிதான் பதிலாக வரும். பேசுபவர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல் இரண்டு மூன்று விநாடி பேசாமல் இருங்கள். பலர் அந்த இடைவெளியில்தான் "ஆனா ஒண்ணு..." என்று சொல்லிவிட்டு நல்ல விஷயத்தையே எடுப்பார்கள்.

இன்னொன்று. கேட்பவர் குரலை எடிட்டிங்கில் எடுத்துவிடப் போகிறோம் என்றால், பதில் தனியாக நின்றாலும் புரிய வேண்டும். "ஆமா, அது வேடிக்கையா இருந்துச்சு" என்று தொடங்கினால் எது என்று தெரியாது. "பிரின்டர் மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு" என்று தொடங்கச் சொல்லி, முன்கூட்டியே ஒரு முறை விளக்கிவிடுங்கள். மறந்துபோனால் இன்னொரு முறை முதல் வரியை மட்டும் சொல்லச் சொல்லலாம்.

ஒரே சம்பவத்தில் இருந்த இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பது இந்த வழியில் மட்டும் கிடைக்கும் வசதி. ஒருவர் சொல்ல, மற்றவர் "இல்ல இல்ல, அன்னைக்கு நடந்தது அப்படி இல்ல" என்று திருத்த, கதைக்குத் தானாக வேகம் வந்துவிடும். இடவசதி இல்லாமல் தனித்தனியாக எடுத்தாலும் பரவாயில்லை, இருவரிடமும் ஒரே கதையைக் கேளுங்கள். எடிட்டிங்கில் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பது போலக் கோத்துவிடலாம்.

ஒலியைக் கவனிக்காமல் விட்டால் இவ்வளவும் வீண். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார். போனை ஒரு கை நீளத்துக்குள் வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் குரலைவிட அறையின் எதிரொலிதான் பதிவாகும். மின்விசிறியை அந்தச் சில நிமிடம் நிறுத்துங்கள். வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள கூட்ட அறையைவிட, திரைச்சீலை, துணி வைத்த நாற்காலி, புத்தக அலமாரி உள்ள இடம் நல்லது. சட்டையில் குத்தும் சிறிய மைக் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். முதல் ஆளை எடுத்ததும் காதில் ஹெட்போன் மாட்டி ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேரையும் எடுத்து முடித்த பிறகு கேட்டு என்ன பயன்?

பின்னால் தெரியும் பொருளையும் பாருங்கள். ஒயிட்போர்டில் வாடிக்கையாளர் விவரம், திரையில் திறந்திருக்கும் சம்பளக் கணக்கு, சுவரில் ஒட்டிய கடவுச்சொல் சீட்டு, இவையெல்லாம் கேமராவில் தெளிவாக விழும். இந்த வீடியோ அலுவலகத்தை விட்டு வெளியே போகப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த வழியின் குறை நேரம். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலும் 9 பேருக்கு 36 நிமிடப் பேச்சு சேரும். அதிலிருந்து இரண்டு நிமிடத்தைப் பொறுக்க வேண்டும். முழுவதையும் ஒரு முறையாவது உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. கேட்கும்போதே ஒரு காகிதத்தில் யார், எத்தனையாவது நிமிடம், என்ன விஷயம் என்று குறித்துக்கொண்டால் மறுமுறை தேட வேண்டியிருக்காது. இன்னொரு குறை, ஒருவர் போனோடு அறை அறையாக அலைந்தால் அக்காவுக்குச் சந்தேகம் வரும். அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து ஒரே அறையில் எல்லோரையும் வரிசையாக வரவழைத்து முடித்துவிடுவது நல்லது.

வீடியோ கால் ரெக்கார்டிங்

எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் இருக்கும் குழுவுக்கு இது முதலில் தோன்றும். ஒரு நாள், அரை மணி நேரம், எல்லோரும் கூடிப் பேசினால் ரெக்கார்டிங் தயார். உண்மையிலேயே நேரம் மிச்சம்தான். கேட்க ஆள் இருப்பதால் கதையும் வரும், சிரிப்பும் வரும்.

ஆனால் அந்தச் சிரிப்பு பதிவாகும் விதம்தான் பிரச்சினை. ஒருவர் கதையின் உச்சத்துக்கு வரும்போது மற்றவர்கள் சிரித்தால், கால் மென்பொருள் எந்தக் குரலைத் தூக்குவது, எதை அடக்குவது என்று தடுமாறும். சொல்பவரின் கடைசி வரி அமுங்கிப்போகும். யார் பேசுகிறாரோ அவரைப் பெரிதாகக் காட்டும் அமைப்பில் இருந்தால், படம் சிரித்தவர் பக்கம் தாவிவிடும், அதுவும் அரை விநாடி தாமதமாக. இணைய இணைப்பு மெதுவாக இருப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடையும். அதை அப்புறம் எந்த எடிட்டிங்காலும் சரிசெய்ய முடியாது.

அதனால் 14 பேரையும் ஒன்றாகக் கூட்டுவதை விட, வெளியே இருக்கும் அந்த 5 பேரோடு தனித்தனியாகக் கால் போட்டுப் பேசுவது மேல். அதாவது நேரில் எடுக்கும் வழியையே காலில் செய்வது. ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் தன் போனைப் பக்கத்தில் நிறுத்தி, அதிலும் தன்னைத் தானே ரெக்கார்ட் செய்துகொள்ளட்டும். கால் என்பது கேள்வி கேட்க மட்டும், எடிட்டிங்குக்கு எடுக்கப்போவது அவர்கள் போனில் பதிவானது. அவர்கள் கணினியில் காதுக்கு ஹெட்போன் மாட்டியிருந்தால் நம் கேள்விக் குரலும் போனில் விழாது. ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். தெளிவான படமும் கிடைக்கும், கேட்கும் ஆளும் இருப்பார்.

போட்டோக்களும் வாழ்த்து வரிகளும்

இதைத் தனி வீடியோவாகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா முன் வர யாருக்கும் மனமில்லை, அல்லது நாளை மாலையே விடைபெறும் கூட்டம் என்றால் வேறு வழியில்லை, செய்யலாம். மற்றபடி எத்தனை நல்ல இசை போட்டாலும், ஐந்து நிமிடம் வெறும் போட்டோ ஓடினால் யாருடைய குரலும் இல்லாத குறை தெரியும்.

ஆனால் கதைகளுக்கு நடுவில் போட்டோக்கள் ரொம்ப நன்றாக வேலை செய்யும். பிரின்டர் சீட்டைப் பற்றி ஒருவர் பேசும்போது அந்தச் சீட்டின் போட்டோவே திரையில் வந்தால், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவர் பேச்சில் வெட்டிய இடங்களை மறைக்கவும் அது உதவும். ஒரு போட்டோ மூன்று நான்கு விநாடி நின்றால் போதும். எழுத்து உள்ள போட்டோ என்றால் அதை நீங்கள் வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் வரை நிற்கட்டும். உங்களுக்கு வாசகம் மனப்பாடம் ஆகியிருக்கும், முதல்முறை பார்ப்பவருக்கு அது புதிது.

அப்படியானால் எது?

நம் 14 பேர் குழுவுக்கு என் பதில் இது. அலுவலகத்தில் இருக்கும் 9 பேரில், கதை தெரிந்த 4 பேரை மட்டும் நேரில் உட்கார வைத்துப் பேசுங்கள். ஒன்பது பேரிடமும் நீளமாக எடுக்க வேண்டாம். வெளியே இருப்பவர்களில் கதை உள்ளவர் ஒருவர் இருப்பார், அவரோடு கால் போட்டு எடுங்கள். மற்ற 9 பேரிடமிருந்தும் ஒரே ஒரு வரி கிளிப், அவர்களே எடுத்து அனுப்பட்டும். போட்டோக்களைக் குழுவில் எல்லோரிடமும் கேட்டு வாங்கி, அதில் கதையோடு பொருந்துவதை மட்டும் வையுங்கள். எடிட் செய்பவர் கையில் சேரும் பேச்சு மொத்தமே 25 நிமிடத்துக்குள் அடங்கும். அது இரண்டு மாலைப் பொழுதில் ஒருவர் செய்து முடிக்கக்கூடிய அளவு.

குழு 6 பேருக்குள் என்றால் எல்லோரையும் நேரில் எடுத்துவிடலாம். 30 பேருக்கு மேல் என்றால் ஒரு வரி கிளிப்புகளையே குறைக்க வேண்டியிருக்கும். அப்போது ஒவ்வொரு பிரிவும் சேர்ந்து நின்று ஒரே குரலில் ஒரு வரி சொல்லட்டும். 30 பேரும் தனித்தனியாக வந்தால் ஆளுக்கு 6 விநாடி வைத்தாலும் மூன்று நிமிடம் ஓடிவிடும், அதில் பெயருக்குப் பெயர் வேறுபாடு தெரியாது.

எந்தக் கதையை வைப்பது என்பதிலும் ஒரு தேர்வு உண்டு. கதையைக் கேட்டதும் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அக்கா இதைத் தானே பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாரா? சிரிப்பார் என்றால் வைக்கலாம். தோற்றம், உடம்பு, உச்சரிப்பு, வேலையில் நடந்த தவறு, ஏன் கிளம்புகிறார் என்ற காரணம், இவற்றைத் தொடும் எதையும் எடுத்துவிடுங்கள். சொன்னவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் திரையில், எல்லோர் முன்னிலையிலும், பதில் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேறு மாதிரி விழும். இருவருக்கு மட்டும் புரியும் நகைச்சுவையும் வேண்டாம். அதற்கு அக்கா ஒருவர் சிரிப்பார், மற்றவர்கள் முழிப்பார்கள்.

கோக்கும் விதம்

ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பேர் எழுதிய தொடக்கம் 5 விநாடி. உடனே முதல் கதை, இசை முன்னுரை எதுவும் வேண்டாம். முதல் கதை 50 விநாடி, இரண்டாவது 45, மூன்றாவது 40. நடுவில் போட்டோக்களுக்கென்று தனியாக 20 விநாடி. அப்புறம் 9 பேரின் ஒரு வரிகள், ஆளுக்கு 7 விநாடி, சுமார் ஒரு நிமிடம். முடிவுப் பகுதிக்கு 70 விநாடி. கூட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

கதைகளில் மிக நல்லதைக் கடைசியில் வைக்கத் தோன்றும். அதை முதலில் வைப்பதுதான் நல்லது. முதல் நிமிடத்தில் அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டால், மற்றக் கதைகளுக்குப் பாதி சிரிப்பு தயாராக இருக்கும். ஒரு வரிச் செய்திகளில் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒருவர் முடிக்கும் கடைசிச் சொல்லின் மேலேயே அடுத்தவர் குரல் தொடங்கலாம். பெயர் எழுதத் தேவையில்லை, அவருக்கு இவர்கள் எல்லோரையும் தெரியும்.

வேறு வேறு போனில் எடுத்ததால் ஒருவர் குரல் கத்தும், இன்னொருவர் குரல் கிசுகிசுக்கும். ஒவ்வொரு கிளிப்பின் ஒலியையும் தனித்தனியே சமப்படுத்தி முடித்த பிறகுதான் இசையைச் சேர்க்க வேண்டும். இசையை முதலில் போட்டுவிட்டால் குரல் வேறுபாடு காதுக்கு மறைந்துவிடும், கூட்டத்தில் பெரிய ஒலிபெருக்கியில் போடும்போது வெளியே வரும். பேச்சு நடக்கும்போது இசை கேட்டும் கேட்காத அளவில் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றிப் பகிர நினைத்தால் பிரபலமான பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கலில் ஒலி முடக்கப்படலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இசை நிறைய இருக்கிறது.

முடிவுப் பகுதியை யார் பேசுவது?

இங்கேயும் மூன்று வழி இருக்கிறது. மேலாளர் பேசுவது, எல்லோரும் சேர்ந்து நின்று "போய் வாங்க அக்கா" என்று கையசைப்பது, அவரோடு மிக நெருக்கமாக வேலை பார்த்த ஒருவர் பேசுவது. மேலாளர் பேசினால் அது சாதனைப் பட்டியலாக மாறிவிட வாய்ப்பு அதிகம். அதைக் கூட்டத்தில் நேரில் சொல்லட்டும், அங்கே அதற்கு மரியாதை உண்டு. சேர்ந்து கையசைப்பது கடைசி ஐந்து விநாடிக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது மனசைத் தொடுவதற்குப் போதாது.

நெருங்கியவர் ஒருவர்தான் பேச வேண்டும். அவரிடம் நன்றி சொல்லச் சொல்லாதீர்கள். அக்கா செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொல்லுங்கள், அவருக்கே நினைவில்லாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு உதாரணம்: "நான் சேர்ந்த மூணாவது வாரம். ஒரு ரிப்போர்ட்டை ராத்திரி வரைக்கும் சரி பண்ண முடியாம உட்கார்ந்திருந்தேன். நீங்க பையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டீங்க. திரும்பி வந்து, பையைக் கழட்டாமலேயே என் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீங்க. ஒண்ணும் சொல்லல. முதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சீங்க. உங்களுக்கு இது ஞாபகம் இருக்குமான்னு தெரியல அக்கா. எனக்கு இருக்கு." பை தோளில் இருந்த அந்த ஒரு விவரம், பத்து நன்றிக்குச் சமம்.

இந்தப் பகுதியை வெட்டாமல் ஒரே ஓட்டமாக வையுங்கள். அவர் தடுமாறினாலும், கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாலும், இருக்கட்டும். வெட்டி ஒட்டினால் அது பேச்சுப் போட்டி மாதிரி ஆகிவிடும். இசையையும் இதற்கு முன்னால் முழுக்க நிறுத்திவிடுங்கள். ஒரு வரிச் செய்திகள் முடிந்ததும் இசை மெல்ல இறங்கி, ஒரு விநாடி அமைதி, அப்புறம் அவர் முகம். அதுவரை கலகலவென்று ஓடிய வீடியோ மாறிவிட்டது என்பது அந்த ஒரு விநாடியிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும். சிரிப்பிலிருந்து இதற்குத் தாவும்போது பார்ப்பவருக்கு அவ்வளவு நேரமாவது தேவை.

இதைப் பேசுபவரையும் நேரில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். எழுதி வைத்துப் படிக்க விடாதீர்கள், கண் கீழே போய்விடும். முதலில் உங்களிடம் கதையாகச் சொல்லட்டும். முடித்ததும், "இப்போ இதையே அக்காகிட்ட சொல்ற மாதிரி லென்ஸைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் தடவையே சரியாக வந்துவிடும். இரண்டாம் முறை கேட்டால் நடிப்பு வந்துவிடும், அதனால் சின்னப் பிசிறு இருந்தாலும் முதல் தடவை எடுத்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுக் காட்டுவதும் கொடுப்பதும்

காட்டும் நாளில் ஒரு முறை, அதே அறையில், அதே திரையிலும் ஒலிபெருக்கியிலும் முதல் ஒரு நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். வெளியே இருக்கும் 5 பேரும் பார்க்கும்படி காலில் திரையைப் பகிர்வதாக இருந்தால், ஸூமில் பகிரும்போது Share sound என்பதையும் Optimize for video clip என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒலியே போகாது, இரண்டாவது இல்லாவிட்டால் படம் விட்டு விட்டு ஓடும்.

அக்கா கையில் கோப்பாகவே கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வீடியோ, 1080பி தரத்தில், விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் 300 எம்பி அளவில் இருக்கும், ஒரு சிறிய பென் டிரைவே போதும். அலுவலகக் கணக்கில் இருக்கும் டிரைவ் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். கடைசி நாள் முடிந்ததும் அவருடைய கணக்கை மூடிவிடுவார்கள், அப்புறம் அவரால் அதைத் திறக்க முடியாது. அதே பென் டிரைவில், வெட்டிக் கோத்த வீடியோவோடு, நேரில் எடுத்த அந்த நான்கைந்து பேரின் முழுப் பேச்சையும் வெட்டாமல் போட்டுக் கொடுக்கலாம். பேசியவர்களிடம் முன்பே கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும்.